அரிப்பு நின்றால் களிம்பையும் நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், படர்தாமரை பற்றிக் கேட்ட வாசகருக்கு "அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடலாம்" என்று பதில் தந்திருக்கிறீர்கள். பல வருடங்களாக உங்கள் இதழை நம்பி வாசிக்கிறவன் நான். அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

அரிப்பு சில நாட்களிலேயே அடங்கிவிடும். பூஞ்சை அவ்வளவு சீக்கிரம் சாகாது. குளோட்ரிமசோல் களிம்பு என்றால் தினமும் இரண்டு வேளை, பொதுவாக 2 முதல் 4 வாரம் வரை தடவ வேண்டும். தோல் பார்வைக்குச் சரியான பிறகும் ஓரிரு வாரம் விடக்கூடாது. வட்டத்தின் நடுவில் மட்டும் தடவினாலும் போதாது. பூஞ்சை மும்முரமாக இருப்பது விளிம்பில்தான். அதனால் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவச் சொல்வார்கள். இதில் ஒன்றுகூட உங்கள் பதிலில் இல்லை.

என் தம்பிக்குத் தொடையிடுக்கில் படை வந்தது. களிம்பு போட்டால் போகும், நிறுத்தினால் வரும். கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் அவன் கால்களைப் பார்த்தார். விரலிடுக்கில் சேற்றுப்புண், பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்திருந்தது. உள்ளாடை அணியும்போது காலில் இருக்கும் பூஞ்சை தொடைக்கு ஏறும் என்றார். தடித்த நகத்துக்குள் சாதாரணக் களிம்பு இறங்காது. அதனால் நகத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, பூஞ்சைதான் என்று தெரிந்த பின் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்து, டெர்பினஃபின் மாத்திரை மூன்று மாதம் கொடுத்தார். நல்ல நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தொடைப் படை திரும்ப வருவது அப்புறம்தான் நின்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு ஒரு கட்டுரையில், ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரைக்கு "விரைவில் குணம் தரும்" என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே கடிதம் அனுப்பினேன், பிரசுரமாகவில்லை. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. உள்ளே அது பரவிக்கொண்டே இருக்கும். வட்ட வடிவமும் மறைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரிவது கடினமாகிவிடும். தொடையிடுக்கில் நாள்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, அழியாத கோடுகள் விழும். திரும்பத் திரும்ப வரும் படைக்கு இது ஒரு பெரிய காரணம் என்பது உங்கள் மருத்துவக் குழுவுக்குத் தெரியாததா?

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்று நான்கு வரித் திருத்தம் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகர் களிம்பை நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்