40 மில்லிமீட்டர் துளை வெட்டிய கொலஸ்டமி பைகள் குறித்த புகார்

கோவில்பட்டி
18.08.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்,
கொலஸ்டமி பை விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: அளவு பொருந்தாத பைகளைப் பரிந்துரைத்து விற்றது, தொலைபேசியில் தவறான ஆலோசனை வழங்கியது, மீதிப் பைகளுக்கான பணத்தைத் திரும்பக் கேட்பது.

மதிப்பிற்குரியீர்,

நான் முப்பது ஆண்டுகளாகத் தையல் வேலை பார்ப்பவள். அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைத்ததில்லை. போன மாதம் எடுத்த அளவுக்கு இந்த மாதம் ரவிக்கை தைத்துக் கொடுத்ததும் இல்லை, ஏனென்றால் உடம்பு மாறும். என் கணவரின் விஷயத்தில் உங்கள் நிறுவனம் இந்த இரண்டையும் செய்திருக்கிறது.

அவருக்கு மலக்குடல் புற்றுநோய்க்காக ஜூலை 3ஆம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியை இடது அடிவயிற்றில் வெளியே எடுத்துத் தைத்து, மலம் வந்து சேர அங்கே கொலஸ்டமி பை மாட்டி விட்டார்கள். வெளியே தெரியும் அந்தச் சிவந்த குடல் வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர். 12ஆம் தேதி வீட்டுக்கு வந்தோம். மருத்துவமனையில் கொடுத்த பைகள் தீரப் போகின்றன என்று 15ஆம் தேதி உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண், ஸ்டோமாவின் குறுக்களவு என்ன என்று கேட்டார். அளந்து 38 மில்லிமீட்டர் என்றேன். "அப்படியானால் 40 துளை வெட்டியே வரும் பை சரியாக இருக்கும், கத்தரி வேலையே இல்லை, முப்பதாக வாங்கினால் விலை குறைவு" என்றார். ஒரு பை 320 ரூபாய் வீதம் 9,600 ரூபாய் செலுத்தினேன். அறுவை சிகிச்சை எப்போது நடந்தது என்ற ஒரே கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அன்று அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டாவது நாள். அறுத்த குடல் அப்போது வீங்கித்தான் இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் வீக்கம் வடிந்து சுருங்கும். அதுவரை வாரம் ஒரு முறை அளந்து, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்டிக்கொள்ள வேண்டும். இது பின்னர் ஸ்டோமா செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நீங்களோ வெட்டிக்கொள்ள முடியாத பையை, வீங்கிய அளவுக்கு, மாதக்கணக்கில் தாங்கும் எண்ணிக்கையில் விற்றிருக்கிறீர்கள். பெட்டியில் இருந்த வழிகாட்டித் தாளில் ஸ்டோமா சுருங்கும் என்று ஒரு வரி இல்லை. கத்தரிக்கும் வேலை இல்லை என்பது மட்டும் மூன்று இடங்களில் இருக்கிறது.

ஜூலை 22 முதல் உங்கள் பையைப் போட்டோம். முதல் நான்கு பைகள் மூன்று நாளைக்கு ஒன்றாக ஒழுங்காக நின்றன. ஆகஸ்ட் 3ஆம் தேதி விடியற்காலையில், பையைத் தோலோடு ஒட்டும் பசைத்தட்டின் கீழ் விளிம்பு ஈரமாகி வேட்டி நனைந்திருந்தது. பையைக் கழற்றிப் பார்த்தால் ஸ்டோமாவைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று இருந்தது, கீழ்ப்பக்கம் மேல்தோல் உரிந்து நீர் கசிந்தது. ஸ்டோமாவைத் தொட்டால் அவருக்கு வலிக்காது, அதில் வலி உணர்வு கிடையாது. சுற்றியுள்ள தோலில் வெறும் தண்ணீர் பட்டதற்கே பல்லைக் கடித்துக்கொண்டார்.

உங்கள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். அன்று ஓர் ஆண் பேசினார். அவர் சொன்னதைக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பவுடரை நிறையப் போடுங்கள், விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள், கசிந்தால் தினமும் மாற்றுங்கள். மூன்றையும் செய்தேன், மூன்றும் கெடுதல் செய்தன. பவுடர் தோலில் தடித்து நின்றால் பசை பிடிக்காது, அன்று மதியமே தட்டு எழும்பியது. சுற்றிலும் பிளாஸ்திரி போட்டதால் கசிவு வெளியே தெரியாமல் அடியிலேயே தேங்கி, மலம் மணிக்கணக்கில் தோலில் ஊறியது. தினமும் பிய்த்து ஒட்டியதில் மிச்சம் இருந்த மேல்தோலும் கூடவே வந்தது. ஆகஸ்ட் 10 வரை பதினொரு பைகள் போய்விட்டன, புண்தான் பெரிதாயிற்று.

11ஆம் தேதி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள ஸ்டோமா செவிலியர் முதலில் பார்த்தது என் கணவரின் வயிற்றை அல்ல, கழற்றிய பசைத்தட்டின் பின்பக்கத்தை. துளையிலிருந்து கீழ் விளிம்பு வரை பசை கரைந்து பழுப்பாக ஒரு வழி போயிருந்தது. "தோலில் புண் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் தட்டிலும் கறை இருக்கிறது பாருங்கள். இது பசையின் ஒவ்வாமை இல்லை. ஒவ்வாமையாக இருந்தால் தட்டு படும் இடம் முழுவதும் அதே வடிவத்தில் சிவந்திருக்கும். இது மலம் பட்ட புண்" என்றார். பிறகு ஸ்டோமாவை அளந்தார். 30 மில்லிமீட்டர். உங்கள் துளை 40. அதாவது சுற்றிலும் அரை சென்டிமீட்டர் தோல் இரவும் பகலும் மலத்தில் திறந்து கிடந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டும் நான் உணராதது என் தவறுதான். ஆனால் பையை விற்பது நான் அல்ல.

அவர் செய்து காட்டியதையும் எழுதுகிறேன். உங்கள் உதவி எண்ணில் உட்காருபவர்கள் இதையாவது படிக்கட்டும். தோலை வெறும் தண்ணீரில் கழுவினார். ஸ்பிரிட், டெட்டால், எண்ணெய், குழந்தைக்கான ஈரத் துடைப்பான் எதுவும் கூடாது என்றார். ஒற்றி எடுத்து நன்றாக உலர விட்டார். ஈரம் கசியும் இடத்தில் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, ஒட்டாத பவுடரை முழுவதும் தட்டிவிட்டார். அதன்மேல் எரிச்சல் தராத தோல் காப்புத் திரவத்தை ஒற்றி, காய்ந்த பிறகு மறுபடி பவுடர், மறுபடி திரவம். புண்ணின்மேல் பொருக்குத் தட்டியதுபோல் உலர்ந்த ஒரு படலம் வந்தது. பிறகு வெட்டிக்கொள்ளும் வகைத் தட்டில் 32 மில்லிமீட்டர் துளை வெட்டி, வெட்டிய ஓரத்தை விரலால் தடவி மழுங்கவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி ஒட்டினார். ஒட்டியதும் உள் வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, கையை எடுக்காமல் சில நிமிடங்கள் வைத்திருக்கச் சொன்னார். அந்தப் பை மூன்றரை நாள் கசியாமல் நின்றது. கழற்றும்போது தட்டை இழுக்காமல், ஒரு கையால் தோலைக் கீழே அழுத்தித் தட்டிலிருந்து விடுவித்தேன். நீர் கசிவது நின்றிருந்தது.

இரண்டாவது குறை மலத்தின் தன்மை பற்றியது. முதல் வாரம் காற்றும் தண்ணீருமாகத்தான் வந்தது, மூன்றாம் வாரம் குழைந்த சாதம்போல் ஆயிற்று. இந்த இடத்தில் குடல் வெளியே வந்தவர்களுக்கு மலம் நாளடைவில் கெட்டிப்படுவது இயல்பு. தண்ணீராக வந்த நாட்களில் பையின் காற்று வடிகட்டி நனைந்து அடைத்துக்கொள்ள, இரவில் பை பலூன்போல் உப்பியது. அதற்கு உங்கள் ஆள் சொன்ன வைத்தியம்: குண்டூசியால் மேலே ஒரு துளை போடுங்கள். என் மேசையில் குண்டூசிக்குப் பஞ்சமில்லை. நல்லவேளை, அதை மட்டும் நான் செய்யவில்லை. போட்டிருந்தால் அந்தத் துளை வழியே நாற்றமும் கசிவும் பை மாற்றும்வரை நிற்காது. கீழ் வாயைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மறுபடி மூடினால் போதும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 5ஆம் தேதி அழைத்தபோது, கசிவுக்குச் சாப்பாடுதான் காரணம், காய்கறியை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறையுங்கள், மலம் இறுகினால் கசியாது என்றார்கள். ஏற்கெனவே வலிக்குக் கொடுத்த ட்ரமடால் மாத்திரை குடலை மந்தமாக்கிக்கொண்டிருந்தது. தண்ணீரும் குறைந்ததும் மூன்று நாளில் மலம் களிமண் ஆகிவிட்டது. அது பையின் அடிக்கு இறங்காமல் துளையின் வாயிலேயே அப்பிக்கொண்டு, அடுத்து வருவதைத் தட்டுக்கு அடியில் தள்ளியது. வடிகட்டி உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட, பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது இன்னொரு காரணம். அதற்காகவே பல பைகளோடு வடிகட்டியை மூடும் சிறு ஒட்டுவில்லைகள் கொடுப்பார்களாம். உங்கள் பெட்டியில் அவை இல்லை. செவிலியர் ஒரு துண்டு மைக்ரோபோர் டேப்பை வடிகட்டியின்மேல் ஒட்டினார். போடும் முன் பையைத் தேய்த்துப் பிரித்து உள்ளே கொஞ்சம் காற்று விட்டு, வழுக்கு ஜெல் சில சொட்டுகளைப் பைக்குள் மட்டும், தட்டில் படாமல் விடச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டு வலி மாத்திரையைக் குறைத்தோம். தண்ணீரும் வாழைப்பழமும் வேகவைத்த காயும் திரும்ப வந்தன. இப்போது மலம் பற்பசைப் பதத்தில் இறங்குகிறது, பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்கிறோம். பை நிறைந்துவிடும் என்று பயந்து கஞ்சியைக்கூட ஒதுக்கிய மனிதர், நேற்று இரண்டாவது இட்லி கேட்டார்.

நான் கேட்பவை இவை. பயன்படுத்தாத 19 பைகளை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு 6,080 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். துளை வெட்டிய பையை, அறுவை சிகிச்சை முடிந்து எட்டு வாரம் ஆகாதவர்களுக்கு விற்பதை நிறுத்துங்கள், அல்லது தேதியைக் கேட்டுவிட்டு விற்றுத் தொலையுங்கள். வழிகாட்டித் தாளில் சுருங்குவது பற்றிய வரியையும், ஓர் அளவுக் காகிதத்தையும் சேருங்கள். உதவி எண்ணில் பேசுபவர் ஸ்டோமாவைக் கண்ணால் பார்த்த செவிலியராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை, "எங்களுக்குத் தெரியாது, மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சொல்லப் பழக்குங்கள். அந்த ஒரு பதில் ஆகஸ்ட் 3ஆம் தேதி கிடைத்திருந்தால் எட்டு நாள் வேதனை மிச்சமாகியிருக்கும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் வசிக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். அதற்காக நான் சென்னைக்கு வரத் தேவையில்லை என்று விசாரித்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கணக்கு நோட்டின் இரண்டு பக்கங்களின் நகல், ஆகஸ்ட் 10ஆம் தேதி கழற்றிய தட்டின் பின்பக்கப் படம், அட்டையில் நான் வெட்டிய இரண்டு வளையங்கள், ஒன்று 40, ஒன்று 32. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள்.