பட்டர் திரிந்த கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கேக் கலவையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீனியும் பட்டரும் பஞ்சு மாதிரி அடித்த பிறகு முட்டையை ஊற்றியதும் எல்லாம் குருணை குருணையாகப் பிரிந்து, ஓரத்தில் தண்ணீர் கசிந்து நிற்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்த பால் போலத்தான் இருக்கிறது. முட்டை கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து கொட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முட்டையில் ஒரு குற்றமும் இல்லை கண்ணு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடைத்து ஊற்றினாயே, அதுதான் காரணம்.

இங்கே மூணாறில், மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும். காலையில் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, அடுப்புப் பக்கம் வைத்தால்தான் இளகும். நீ இருக்கும் சென்னையில் அது பெரும்பாலும் எண்ணெயாகவே இருப்பதால் இதெல்லாம் மறந்திருப்பாய். பட்டரும் அதே குணம்தான். 20 டிகிரி பக்கம் இருக்கும்போது விரலுக்கு வளைந்து கொடுக்கும். 10, 12 டிகிரிக்கு இறங்கினால் விறைத்துவிடும்.

இப்போது உன் பாத்திரத்துக்கு வருவோம். 200 கிராம் பட்டர், 200 கிராம் சீனி, 4 முட்டை, 200 கிராம் மைதா என்று எழுதியிருந்தாய். நல்ல கணக்கு, நான் பேக்கரியில் அடித்ததும் அதுவே. 200 கிராம் பட்டரில் ஏற்கனவே 30 கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும். ஓட்டை நீக்கினால் 4 முட்டை ஏறக்குறைய 200 கிராம் வரும், அதில் முக்கால்வாசி தண்ணீர். அதாவது இருக்கிற 30 கிராமோடு இன்னொரு 150 கிராம் தண்ணீரையும் உள்ளே வைத்துக்கொள் என்று அந்தப் பட்டரிடம் கேட்கிறோம். மஞ்சள் கருவில் இருக்கும், கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் லெசித்தின் அதற்குத் துணை நிற்கும். ஆனால் ஒவ்வொரு துளியையும் சுற்றிப் பிடிக்க வேண்டியது கொழுப்புதான், அது இளகி இருந்தால்தான் நீண்டு சுற்றிக்கொள்ளும்.

4 டிகிரி முட்டையை மொத்தமாக ஊற்றினால், 20 டிகிரியில் இருந்த பட்டரும் சீனியும் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். கொழுப்பு சின்னச் சின்னக் கட்டியாக விறைக்கும். கட்டியால் தண்ணீரைப் பிடிக்க முடியாது, அது வெளியே வந்துவிடும். நீ பார்த்த குருணை விறைத்த பட்டர், ஓரத்தில் நின்றது முட்டைத் தண்ணீர்.

அப்படியே மாவைப் போட்டு வேகவைத்தால் கேக் வராமல் போகாது. மாவு அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பார்வைக்குக் கலவை சேர்ந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் நீ பத்து நிமிடம் அடித்து ஏற்றிய காற்று முழுக்கக் கொழுப்புக்குள்தான் இருக்கிறது. கொழுப்பு உடைந்தால் அதில் ஒரு பங்கு போய்விடும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்காது, இருக்கிற குமிழியைத்தான் ஊதிப் பெரிதாக்கும். அதனால் கேக் உயரம் குறைந்து, துளைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். சில நாள் அதுவும் தெரியாது. ஆகவே இனி கொட்டாதே!

சரி, முட்டையின் குளிரை எப்படிப் போக்குவது? நேரம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வை, சென்னைக்கு அது போதும். இங்கே அந்த யோசனை பலிக்காது. மார்கழி காலையில் நம் அடுக்களையே 14 டிகிரியில் இருந்தால், ராத்திரி முழுக்க வெளியே வைத்த முட்டையும் 14 டிகிரிதான். அதனால் கிறிஸ்துமஸ் கேக் காலத்தில் எங்களுக்கு வெந்நீர்தான் கதி. உனக்கும் ஆபீஸ் விட்டு வந்து அவசரமாகச் செய்யும்போது அதுவே உதவும்.

ஒரு பங்கு கொதித்த தண்ணீரோடு மூன்று பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் உன் ஊரில் 45 டிகிரி பக்கம் வரும். இங்கே குழாய்த் தண்ணீரே சில்லென்று இருப்பதால் நான் இரண்டு பங்குதான் சேர்ப்பேன். கையை விட்டால் குளிக்கிற வெந்நீரை விடக் கொஞ்சம் சூடாக, ஆனால் பொறுக்கும்படி இருக்க வேண்டும். முட்டைகளை ஓட்டோடு முழுகும்படி போட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றை எடுத்துத் துடைத்துக் கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று தெரியக் கூடாது. தெரிந்தால் தண்ணீரை மாற்றி இன்னும் மூன்று நிமிடம். இப்படிச் சூடாக்கிய முட்டையைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதே, அப்போதே உடைத்துவிடு.

அதைவிட அவசரமா? நாலையும் ஒரு சில்வர் கிண்ணத்தில் உடைத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி, முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இரு. இரண்டு நிமிடத்தில் குளிர் விட்டுவிடும். கிளறுவதை நிறுத்தினால் ஓரம் வெந்துவிடும், கவனம். ஓட்டோடு மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதே, வெடிக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கொதிக்கிற தண்ணீரையே முட்டைக் கூடையில் ஊற்றியிருக்கிறேன். இரண்டு முட்டை அப்போதே விரிசல் விட்டது. மீதியை உடைத்தால் ஓட்டை ஒட்டி வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. வெள்ளைக் கரு 60 டிகிரி தாண்டியதும் கட்டத் தொடங்கிவிடும். அன்றைய கேக்கில் நூல் நூலாக முட்டை தெரிய, மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

முட்டை இதமாக இருந்தாலும் மொத்தமாக ஊற்றாதே. நாலையும் சேர்த்து அடித்து வைத்துக்கொண்டு, இரண்டு கரண்டி விட்டு, அது முழுக்க மறைந்த பிறகு அடுத்த இரண்டு கரண்டி. கடைசி முட்டைக்கு வரும்போது பட்டர் பிடிக்கக்கூடிய எல்லைக்கு வந்திருக்கும், லேசாகத் திரிகிற மாதிரி தெரியும். அப்போது அளந்து வைத்த மைதாவிலிருந்தே ஒரு கரண்டி போட்டு அடி, சேர்ந்துகொள்ளும்.

திரிந்தே போனால் முதலில் பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பார். குளிர்ந்திருந்தால் மைதா வேண்டாம், சூடுதான் மருந்து. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் அரை நிமிடம் வைத்து அடி, எடுத்துவிட்டு அடி, தேவைப்பட்டால் இன்னொரு முறை. விளிம்பில் பட்டர் உருகிப் பளபளத்தால் உடனே எடுத்துவிடு. உன் ஊர் வெயிலில் இன்னொரு தொல்லை வரும்: பட்டரே முதலில் உருகிவிடும். அது திரிவது இல்லை, குருணை இருக்காது, எண்ணெய் மாதிரி மினுங்கிக்கொண்டு ஓடும். அதற்கு நேர் எதிர் வைத்தியம், பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை கேட்டாராமே, அவர் அம்மா எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக் மட்டும் ஏன் திரிவதே இல்லை என்று. சூரியகாந்தி எண்ணெய் குளிர்ந்த முட்டை பட்டாலும் விறைக்காது, அவ்வளவுதான். ஆனால் சீனியோடு அடித்துக் காற்றைப் பிடிக்கும் வேலையையும் அதனால் செய்ய முடியாது. இரண்டில் எது ருசி என்று நான் சொல்ல மாட்டேன், சம்பந்தியம்மா காதுக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் செய்வாய் அல்லவா? வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு. துளைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

அப்பா
மூணாறு