கணக்கில் வராத பார்வை

ஆசிரியருக்கு,

மாணவர்கள் திருட்டுப் பிரதியில் படம் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. பெரிய நட்சத்திரப் படங்களைவிட இதில் அதிகம் அடிபடுவது சிறு படங்கள்தான். பல ஓடிடி தளங்கள் சிறு படங்களை மொத்த விலைக்கு வாங்குவதில்லை. எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டதோ அதற்கேற்பவே பணம் தருகின்றன. திருட்டு இணைப்பில் லட்சம் பேர் ரசித்தாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம்தான். அடுத்த படத்துக்குப் பணம் கேட்டுப் போகும் இயக்குநரிடம் தயாரிப்பாளர் கேட்பதும் அதே கணக்கைத்தான். படம் பிடித்திருந்தது என்று பார்த்தவர்கள் சொல்வதெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, கையில் காசில்லாத மாணவர் என்ன செய்வது? முதலில் கல்லூரி நூலகத்தில் விசாரியுங்கள். கேனோப்பி (Kanopy) போன்ற சேவைக்கு நூலகம் சந்தா கட்டியிருந்தால், கல்லூரிக் கணக்கில் உள்நுழைந்தே இலவசமாகப் பார்க்கலாம். பணத்தை நூலகம் கட்டுகிறது. மாதத்துக்கு இத்தனை படம் என்ற வரம்பு மட்டும் இருக்கலாம்.

அப்புறம், விளம்பரத்தோடு வரும் இலவசப் படங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த யூடியூப் சேனலில் பார்த்தால் விளம்பர வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு போகும். ஆனால் படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருந்தாலோ, ஓரம் வெட்டப்பட்டிருந்தாலோ, குரல் கீச்சென்று ஒலித்தாலோ அது பெரும்பாலும் திருட்டுப் பதிவேற்றம். தானியங்கிச் சோதனையில் சிக்காமலிருக்கச் செய்யும் வேலை அது. அங்கே வரும் விளம்பரக் காசு திருடியவருக்கே போகும்.

- கல்லூரி நூலகர் ஒருவர்