ஜூரிக் போகும் முன்

அன்புள்ள முரளி,

பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நீயும் மீனாவும் பாரீஸ், ஜூரிக், பிராக் போகிறீர்களாமே, குமார் சொன்னான். ஊட்டிக்குக் கூப்பிட்டாலே ஆயிரம் சாக்கு சொல்லுகிற ஆள் நீ! ரொம்ப சந்தோஷம். ஆனால் ஜூரிக்கில் அக்காவும் அத்தானும் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வெளிநாட்டுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்கிற ஃபாரெக்ஸ் கார்டில் அத்தான் யூரோ மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். வியன்னாவில் ஒரு குறையும் இல்லை. காபிக்கும் டிராம் டிக்கெட்டுக்கும் கார்டைக் காட்டினாலே போதும். அங்கே 50 யூரோ வரை பெரும்பாலும் பின் நம்பர் கேட்பதில்லை. அதனால் அந்தக் கார்டுக்கு பின் நம்பரே போடவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

ஜூரிக் ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் கார்டை ஏற்கவில்லை. ஸ்விட்சர்லாந்தில் பணம் ஃபிராங்க், யூரோ இல்லை. கார்டுக்குள் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் தனித்தனிக் கணக்கு. ஃபிராங்க் கணக்கு காலியாக இருந்தால், சில கார்டுகள் கட்டணம் பிடித்துக்கொண்டு யூரோவிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அத்தானுடையது அப்படி எடுக்காத ரகம். மெஷின் காரணமெல்லாம் சொல்லாது. ஏடிஎம்முக்குப் போனால் பின் கேட்கிறது. தன் டெபிட் கார்டின் பின் நம்பரை அடித்துப் பார்த்திருக்கிறார். தப்பாகவே அடித்துக்கொண்டிருந்தால் கார்டே முடங்கிவிடும். நல்லவேளை, அக்கா தடுத்துவிட்டாள்.

ஆப்பிலேயே யூரோவை ஃபிராங்க்காக மாற்றலாம், பின் நம்பரும் போடலாம். ஆனால் ஓடிபி வருவது நம்மூர் நம்பருக்கு! அந்த சிம் பெட்டிக்குள், ரோமிங்கும் இல்லாமல். கையிலிருந்த யூரோ நோட்டைக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். ராத்திரி எனக்கு போன் வந்தது. நான் இங்கிருந்து ரோமிங் ரீசார்ஜ் போட்டு, அவர் சிம்மை மாற்றிய பிறகுதான் ஓடிபி வந்தது. யூரோவை ஃபிராங்க்காக மாற்றியதில் கொஞ்சம் நஷ்டம் வேறு. கார்டு விற்ற இடத்தில், எந்தெந்த நாடு போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

அதனால் நீ பாரீஸுக்கு யூரோவும் ஜூரிக்குக்கு ஃபிராங்க்கும் தனித்தனியாக ஏற்று. பிராக்கில் கொருனா, பல கார்டுகளில் அது கிடையாது. இல்லாத பணத்துக்கு யூரோவிலிருந்து எடுக்குமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பின் நம்பரை இங்கேயே போட்டுவிடு. கடை, ஏடிஎம் இரண்டுக்கும் கார்டு திறந்திருக்கிறதா என்று ஆப்பில் பார். கார்டோடு கொடுத்த மொபைல் நம்பருக்கு ரோமிங் போட்டு, அந்த சிம்மைக் கழற்றாதே.

விமானம் ஏற இங்கேதானே வரவேண்டும்? ஒரு நாள் முன்னதாக மடிப்பாக்கம் வந்துவிடு, கார்டையும் போனையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மீனாவுக்கு என் அன்பு.

உன்,
ரகு