பேசு, பேசுக, பேச வேண்டும்

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மூட்டு வலி இப்போது பரவாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மனுஸ்மிருதியின் ‘ஸத்யம் ப்ரூயாத் ப்ரியம் ப்ரூயாத்’ சுலோகத்தை (4.138) ‘உண்மையைச் சொல், இனியதைச் சொல்’ என்று பெயர்த்திருக்கிறாய். பொருள் சரிதான், அந்த ஏவல்தான் ஒட்டவில்லை. ‘ப்ரூயாத்’ விதிலிங், படர்க்கை ஒருமை. எதிரே நிற்கும் ஒருவனைப் பார்த்துச் சொன்னதல்ல; இல்லறத்தில் இருப்பவன் யாராயினும் இப்படி ஒழுகட்டும் என்பது. இதற்கென்றே நம்மிடம் வியங்கோள் இருக்கிறது. அது தன்மையிலும் முன்னிலையிலும் நிலைக்காது என்கிறார் தொல்காப்பியர். நன்னூல் எல்லா இடத்துக்கும் விரித்துவிட்டது. ஆனாலும் அந்தப் படர்க்கை வாசனை இன்னும் போகவில்லை. நான் இப்படி வைப்பேன்:

உண்மை பேசுக; இனியது பேசுக;
இனிமையற்ற உண்மையைப் பேசற்க;
இனியதே ஆயினும் பொய் பேசற்க;
என்றுமுள்ள அறம் இது.

‘பேசற்க’ இன்று பழசாகத் தோன்றும், தெரியும். ‘பேச வேண்டாம்’ என்றால் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று தளர்ந்துவிடுகிறது. ‘பேசக் கூடாது’ அறிவிப்புப் பலகை மாதிரி. குறளில் ‘பொய்யற்க’ படித்தவர்களுக்கு ‘பேசற்க’ புரியாமல் போகாது.

அப்புறம் தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி. ‘ஸத்யம் வத, தர்மம் சர’ என்பதற்கு நீ போட்ட ‘பேசுக, நடக்க’ அங்கே பொருந்தாது. அது லோட், முன்னிலை ஒருமை. ஓதி முடித்துப் புறப்படும் மாணவனிடம் ஆசிரியர் நேரே சொல்வது. ‘உண்மை பேசு, அறவழி நட, ஓதுவதில் தவறாதே’ என்று விட்டுவிடு. மரியாதைக்காகப் ‘பேசுங்கள்’ ஆக்கினால் அந்த நெருக்கம் போய்விடும்.

ஆனால் லிங் என்றால் ‘-க’, லோட் என்றால் ஏவல் என்று வாய்ப்பாடு போட்டுவிடாதே. விதி, அழைப்பு, வேண்டுகோள் என்று லிங்குக்குப் பொருள்களை அடுக்கிய பாணினியே, அடுத்த சூத்திரத்தில் ‘லோட் ச’ என்று லோட்டையும் அதே பொருள்களுக்குச் சேர்த்துவிடுகிறார். அதனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. சீக்ஷாவல்லியின் அதே பகுதியில், ஐயம் வந்தால் நல்லோரைப் பார் என்னும் இடத்தில், ‘யதா தே தத்ர வர்தேரன், ததா தத்ர வர்தேதா:’ என்று வருகிறது. இரண்டுமே லிங். ‘வர்தேரன்’ கட்டளையே இல்லை, அவர்கள் நடந்துகொள்ளக்கூடிய விதம். ‘வர்தேதா:’ முன்னிலை, அவனுக்கே சொன்னது. ஆகவே ‘அவர்கள் அங்கே எப்படி நடந்துகொள்வார்களோ, அப்படியே நீயும் நடந்துகொள்.’ இங்கே ‘நடந்துகொள்க’ என்றால் ஆசிரியர் சட்டென்று விலகி நின்றுவிடுவார்.

‘ச்ரத்தயா தேயம்’ வினைமுற்றே அல்ல; அதற்கு மட்டும் ‘கொடுக்க வேண்டும்’ என்பதை வைத்துக்கொள். திருத்தியதும் மீதிப் பக்கங்களோடு சேர்த்து அனுப்பு, படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமு