ஆலோசகருக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “காப்புறுதி முகவர் வீட்டுக்கே வந்து சும்மா சொல்லித் தருகிறார், நீங்கள் ஏன் கட்டணம் கேட்கிறீர்கள்?” என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒரு கணக்கைப் போட்டே பதில் சொல்கிறோம்.

புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்கு எழுதிய ஒருவர், 55 வயதில் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 60 இலட்சம் ரூபாய் எடுக்கிறார் என்று வைப்போம். வீட்டுக்கடனில் 20 இலட்சம் பாக்கி, வட்டி 13 வீதம். வருடத்துக்கு ஏறக்குறைய 2 இலட்சத்து 60 ஆயிரம் வட்டிக்கே போகிறது. வரி கழித்து அதற்கு மேல் நிச்சயமாகத் தரும் முதலீடு அவருக்குக் கிடைக்காவிட்டால், கடனை அடைப்பதுதான் லாபம்.

முகவர் வருடம் 5 இலட்சம் கட்டும் பத்து வருடக் காப்புறுதி ஒன்றைக் காட்டுகிறார். முதல் வருடத் தரகு 25 வீதம் என்றால் அவருக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம் கிடைக்கும். “கடனை அடையுங்கள்” என்று சொன்னால் ஒரு சதமும் இல்லை. அவர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல மனிதருக்கும் இது கஷ்டமான இடம். சேமிப்போடு சேர்ந்த இத்தகைய காப்புறுதிகளில் தரகின் பெரும்பகுதி முதல் வருடங்களிலேயே போய்விடும். இடையில் நிறுத்தினால் கட்டியதில் சொற்பமே திரும்பி வருவதற்கு அது ஒரு முக்கிய காரணம். கையெழுத்து வைக்குமுன் விளக்க அட்டவணையில் முதல் மூன்று வருட சரண்டர் பெறுமதியை, அதாவது அப்போது நிறுத்தினால் திரும்பி வரும் தொகையை, பாருங்கள். அதுவரை நீங்கள் கட்டியிருக்கும் தொகையோடு அதை ஒப்பிட்டாலே விஷயம் விளங்கும்.

இப்படியான காரணங்களால்தான் பிரித்தானியா 2012 முடிவோடு புதிய முதலீட்டு ஆலோசனைகளுக்குத் தரகு வாங்குவதைத் தடைசெய்தது.

கட்டணம் வாங்குபவர் என்பதற்காக எல்லோரையும் நம்பவும் வேண்டாம். தான் பராமரிக்கும் பணத்தில் வருடம் 1 வீதம் எடுப்பவருக்கு 60 இலட்சத்தில் 60 ஆயிரம் வரும். கடனை அடைத்தால் அது 40 ஆயிரமாகிவிடும். அவருக்கும் கடனைப் பற்றிப் பேச மனம் வராது. கட்டணமும் வாங்கி, தரகும் வாங்குபவர்களும் உண்டு. நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

நாங்கள் வேலை தொடங்குமுன்பே ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் கடனை அடைத்தாலும், திறைசேரி உண்டியல் வாங்கினாலும், ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அது மாறாது. இதிலும் குறை இருக்கிறது: வேலை சின்னதாக இருந்தாலும் பெரிதாகக் காட்டத் தோன்றலாம். அதனால்தான் செய்யப்போகும் வேலையை எழுதித் தருகிறோம். உங்கள் சேமிப்பு இரண்டு மூன்று இலட்சம்தான் என்றால் எங்கள் கட்டணம் உங்களுக்குப் பாரம். வங்கியில் நிலையான வைப்பு வட்டியைக் கேட்டுப் போடுங்கள், அது போதும்.

எந்த ஆலோசகரிடம் போனாலும், எங்களிடம் வந்தாலும், இதைக் கேளுங்கள்: “நான் தருவதைத் தவிர, இந்த விஷயத்தில் வேறு யாரிடமிருந்தாவது உங்களுக்குக் காசு வருமா?” பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசனை அலுவலகத்தார்,
வெள்ளவத்தை, கொழும்பு 6