சட்டப் புத்தகங்களுக்கு அலமாரி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தில் உள்ள பார்ட்டிகிள் போர்டு அலமாரியை வாங்காதே. மூன்றடி அகலத்துக்கு நடுவில் தாங்கலே இல்லை. புத்தகம் ஏற்றிய அன்றைக்கு நேராகத்தான் நிற்கும். தூள்பலகை பாரத்தில் நாளாக நாளாகத் தொய்ந்துகொண்டே போகும், இறக்கி வைத்தாலும் முழுசாக நிமிராது.

உன் தீர்ப்புத் தொகுதிகளை ஓரடி நீளத்துக்கு அடுக்கி, ஒரு பையில் போட்டு எடை பார். 12 கிலோ வந்தால், மூன்றடித் தட்டுக்கு 36 கிலோ. பின்னால் இன்னொரு வரிசை சொருகினால் அது இரட்டிப்பாகும், அப்படி வைக்காதே.

பலகை தொய்வதை முடிவு செய்வது மரத்தைவிட அதன் அகலம்தான். அதே பலகை, அதே நெருக்கத்தில் புத்தகம். மூன்றடியை இரண்டடியாகக் குறைத்தால் தொய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். தடிமனும் அப்படித்தான்: 12 மி.மீ. பிளைவுட்டைவிட 18 மி.மீ. மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. அதனால் மரத்தில்தான் வேண்டுமென்றால் 18 மி.மீ. பிளைவுட், இரண்டடிக்கு ஒரு தாங்கல். மேலே ஒட்டும் மைக்காவை நம்பித் தடிமனைக் குறைக்காதே.

உன் வீட்டுக்கு நான் சொல்வது போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு ரேக். கரையானுக்குப் பயமில்லை, வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொள்ளலாம். 3 அடி அகலம், 1 அடி ஆழம், தட்டின் அடியில் விறைப்புக்கு ரிப் என்ற பட்டை வைத்தது கேள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாக இருக்கும். 22 கேஜ் காட்டினால் 20 அல்லது 18 கேள்.

சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார் என்கிறாய். அப்படியானால் ஆறடி உயரம் வேண்டாம், சுவரில் பிணைக்காமல் சாய்ந்துவிடலாம். காலாக நிற்கும் இரும்பு ஆங்கிளை நாலரை அடிக்கு, அதாவது 54 அங்குலத்துக்கு வெட்டித் தரச் சொல். முதல் தட்டு தரையிலிருந்து 4 அங்குலத்தில், வீடு துடைக்கும் தண்ணீர் படாமல். அடுத்தது 18-இல், அந்த இடைவெளி உயரமான தடித்த புத்தகங்களுக்கு. பிறகு 30, 42, 54. உன் தொகுதிகள் 10 அங்குல உயரம். தட்டின் மடிப்பு போக மேலே முக்கால் அங்குலம்போல மிஞ்சும், விரல் விட்டு எடுக்க அது போதும். உச்சித் தட்டில் ஃபைல் மட்டும் வை.

காலும் தட்டும் சேரும் மூட்டுகளில் முடுக்கும் மூலைத்தகடு, கார்னர் பிளேட், கட்டாயம் கேட்டு வாங்கு. அது இல்லாத ரேக் பக்கவாட்டில் ஆடும், ஆட்டத்தில் போல்ட் தளரும். இரண்டு ரேக் வாங்கினால் பக்கத்துக் கால்களை ஒன்றோடொன்று முடுக்கிவிடு.

நாலு தட்டும் நிரம்பினால் புத்தகம் மட்டும் 144 கிலோ. மாடி வீடு என்பதால் அறை நடுவில் நிறுத்தாமல் சுவரோரமாக வை. குளியலறைச் சுவர் வேண்டாம், ஈரம் வரும். எந்தச் சுவரானாலும் இரண்டு அங்குலம் தள்ளியே இருக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் மூன்று அங்குலச் சதுரப் பிளைவுட் துண்டு போடு, இல்லாவிட்டால் டைல்ஸ் விரிசல் விட்டு அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

ஏற்றும்போது கீழ்த்தட்டிலிருந்து தொடங்கு. ஒரு மாதம் கழித்து தட்டின் இரு முனையிலும் நூலை இழுத்துப் பிடித்துப் பார். நடுவில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தத் தட்டில் பாரத்தைக் குறை. போல்ட்டுகளையும் அன்றைக்கே ஒருமுறை முடுக்கிவிடு.

அன்புடன்,
அப்பா